கையில் எத்தனை மாதம்?

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் ஆறு பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். கிள்ளானில் தோசை மாவு அரைத்து உணவகங்களுக்குக் கொடுக்கும் எங்கள் சிறு நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் அவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர். ஒருவர் உறைந்த உணவு வியாபாரி. மற்ற மூவரும் உறவும் நட்பும். ஆறு பேரும் சேர்ந்து போட்டது 240,000 ரிங்கிட்.

சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனம் ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று மலேசியச் சட்டம் சொல்கிறது. மாதக் கடிதத்தைச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு ஆண்டுக் கணக்கு தயாராகி வரும்போது, அது சொல்லும் ஆபத்து முடிந்துபோன கதையாகியிருக்கும். கையிலிருக்கும் பணம் ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும் என்றால், பணம் போட்டவர்களுக்கு அது ஆறு மாதம் முன்பே தெரிந்தால்தான் அவர்களால் ஏதாவது செய்ய முடியும்.

அதனால் கடிதத்தின் முதல் மூன்று வரிகளில் மூன்று எண்களை மட்டும் எழுதுகிறேன். மாதக் கடைசியில் வங்கியில் இருந்த பணம், அந்த மாதம் அதில் குறைந்த தொகை, இப்படியே போனால் எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. வணக்கம், நன்றி, நல்ல செய்தி எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்தவர் தலைமையாசிரியர்தான். “தம்பி, கையில எத்தனை மாசத்துக்குப் பணம் இருக்கு? அதை முதல்ல சொல்லுங்க. மத்ததை அப்புறம் நிதானமா படிச்சுக்கிறேன்” என்றார்.

கேட்க எளிமையான கணக்குதான். ஆனால் ஒரே மாதத்துக்கு மூன்று விடைகள் வரும். எங்கள் செப்டம்பர் மாதத்தையே எடுத்துக்கொள்வோம்.

அந்த மாதம் 2,100 வாளி மாவு விற்றோம். ஒரு வாளி ஐந்து கிலோ, விலை 22 ரிங்கிட். ஆக விற்பனை 46,200 ரிங்கிட். அரிசி, உளுந்து, ஒன்பது பேரின் சம்பளம், இபிஎப், சொக்சோ, மின்சாரம், வாடகை, வேன் எல்லாம் சேர்ந்து செலவு 50,300. இரண்டையும் கழித்தால் 4,100 ரிங்கிட் நட்டம். வங்கியில் இருந்தது 84,600. இதை 4,100ஆல் வகுத்தால் இருபது மாதம் தாங்கும். இது முதல் விடை.

ஆனால் விற்ற 46,200இல் கைக்கு வந்தது 31,500தான். மீதி 14,700 கடனாக வெளியில் நின்றது. உணவகங்களுக்கு முப்பது நாள் தவணை கொடுத்தால்தான் ஆர்டர் கிடைக்கும். உளுந்துக்காரரோ லோரி வந்து நின்றதும் பணம் கேட்பார். வந்த 31,500ஐயும் போன 50,300ஐயும் வைத்துப் பார்த்தால் வங்கியில் குறைந்தது 18,800. இந்த வேகத்தில் போனால் நான்கரை மாதம்தான். இது இரண்டாவது விடை.

ஒரு மாதம் மட்டும் மோசமாக இருந்திருக்கலாம் என்பதும் நியாயமான பேச்சுதான். ஜூலையில் 9,200, ஆகஸ்டில் 11,000, செப்டம்பரில் 18,800. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மாதம் 13,000. அப்படியானால் ஆறரை மாதம். இது மூன்றாவது விடை.

மூன்றும் கூட்டல் கழித்தல் சரியாக உள்ள கணக்குகள். ஆனாலும் முதல் விடையைக் கடிதத்தில் முதல் வரியாகப் போட்டால் அது ஏமாற்று. சம்பள நாளில் வங்கியிலிருந்து எடுப்பது ரொக்கத்தை. விற்பனைச் சீட்டைக் கொடுத்துச் சம்பளம் போட முடியாது. நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் அருகருகே எழுதுகிறேன்: “செப்டம்பர் வேகத்தில் நான்கரை மாதம், மூன்று மாதச் சராசரியில் ஆறரை மாதம்.” இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த மாதத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று படிப்பவர் தானே கேட்பார். அடுத்த பத்தி அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு எண் வாடிக்கையாளர் எண்ணிக்கை. எங்கள் பட்டியலில் 38 கடைகள் இருந்தன. கடைசி முப்பது நாளில் ஒருமுறையாவது மாவு வாங்கியவை 27. கடிதத்தில் போவது 27தான். எதை வாடிக்கையாளர் என்று எண்ணுகிறோமோ அந்த அளவுகோலை மாதத்துக்கு மாதம் மாற்றாமல் இருப்பது அதைவிட முக்கியம். அளவுகோல் மாறினால் கடைகள் குறைந்தாலும் எண் ஏறிக்கொண்டே போகும்.

செப்டம்பரில் நடந்தவை இரண்டு. முதலாவது, நான்கு கிளைகள் வைத்திருக்கும் ஓர் உணவகக் குழுமம் அறுபது நாளாகியும் 11,400 ரிங்கிட் தரவில்லை. வெளியில் நின்ற கடனில் பெரும்பகுதி ஒரே இடத்தில். கடிதத்தில் அதன் பெயரை எழுதவில்லை. மின்னஞ்சல் கைமாறிக்கொண்டே போகும். வாடிக்கையாளரின் மானத்தை அதில் ஏற்றி அனுப்பக்கூடாது. தொகையையும், எத்தனை நாள் ஆயிற்று என்பதையும், மாவு அனுப்புவதை நிறுத்திவிட்டோம் என்பதையும் எழுதினேன்.

இரண்டாவது, மாவு புளித்துத் திரும்பி வந்தது. வழக்கமாக நூறு வாளி அனுப்பினால் இரண்டு திரும்பும். செப்டம்பரில் 2,260 வாளி அனுப்பி 160 திரும்பின. நூற்றுக்கு ஏழு.

“சில தரச் சிக்கல்கள் இருந்தன, சரிசெய்து வருகிறோம்” என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சிக்கல் மாவிலா, வண்டியிலா, கடைக்காரரின் குளிர்பெட்டியிலா என்பதைப் பொறுத்துத்தானே செலவும் நாளும் மாறும்? ஆகவே கண்டுபிடித்த விதத்தையே எழுதினேன். காலையில் அனுப்பிய வாளிகள் திரும்பவில்லை. மதியம் ஷா ஆலாம் பக்கம் போனவைதான் திரும்பின. இரண்டும் ஒரே நாளில், ஒரே தொகுப்பில் அரைத்த மாவு. மாவில் குறை என்றால் காலை வாளிகளும் புளித்திருக்கும். வேனுக்குள் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவி ஒன்றை வைத்துப் பார்த்தோம். ஏற்றும்போது 4 டிகிரி இருந்தது, பிற்பகல் இரண்டு மணிக்கு 13 டிகிரிக்கு ஏறியிருந்தது. அந்தச் சூட்டில் மாவு வேனுக்குள்ளேயே மறுபடி பொங்கத் தொடங்கிவிடும். குளிரூட்டியின் கம்ப்ரசர் வெயில் நேரத்தில் நின்றுவிடுகிறது என்று பழுதுபார்ப்பவர் சொன்னார். செலவு 3,800 ரிங்கிட், பாகம் வர இரண்டு வாரம்.

இப்படி எழுதினால் கெட்ட செய்திக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. எவ்வளவு பணம், எத்தனை நாள், எது இன்னும் தெரியவில்லை என்று மூன்றும் தெரிந்த ஆள் பதறமாட்டார். மழுப்பலான வரியைப் படித்தவர்தான் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார்.

அடுத்து உதவி கேட்கும் பகுதி. “யாருக்காவது உணவகக்காரர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்” என்று ஆறு பேரையும் பொதுவாகக் கேட்டால், ஆறு பேரும் மற்ற ஐந்து பேர் செய்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். ஒரு கோரிக்கைக்கு ஒரு பெயர், ஒரு நாள், பத்து நிமிடத்தில் முடியும் ஒரு வேலை. அக்டோபர் 5ஆம் தேதிக் கடிதத்தில் மூன்று கேட்டேன்.

முன்னாள் வங்கிக்காரரிடம்: “அந்தக் குழுமத்தின் கணக்காளர் உங்களுக்குப் பழக்கம். 11,400ஐயும் ஒரே தவணையில் கேட்கவில்லை, பாதி இப்போது, மீதி இரண்டு தவணையில் என்றால் சம்மதம். 12ஆம் தேதிக்குள் ஒருமுறை பேச முடியுமா?” உறைந்த உணவு வியாபாரியிடம்: “அண்ணன், உங்கள் குளிர்வேன் மதியம் சும்மா நிற்கிறது. 10 முதல் 21 வரை, ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை வாடகைக்குத் தருவீர்களா? எண்ணெய் எங்கள் செலவு.” மூன்றாவது, ஒரு மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகைக்காரரிடம் அறிமுகம். அதற்கு நான்கு வரியில் ஒரு செய்தியை நானே எழுதிச் சேர்த்தேன். அவர் அப்படியே அனுப்பிவிட்டால் போதும்.

வேன் மறுநாளே கிடைத்தது. திரும்பும் வாளிகள் பழையபடி நூற்றுக்கு இரண்டாகின. குழுமம் 6,000 ரிங்கிட் கட்டியது. மீதி 5,400ஐ இரண்டு தவணையில் தருவதாக எழுத்தில் கொடுத்தது. மூன்றாவது கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. மூன்றின் முடிவும் நவம்பர் கடிதத்தில் கோரிக்கைகளுக்கு மேலேயே இருந்தது, நடக்காதது “நடக்கவில்லை” என்றே. உதவியவருக்குத் தன் உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த மாதமும் கடிதத்தைத் திறப்பார்.

அக்டோபரில் 44,900 வந்தது, 51,700 போனது. வங்கியில் குறைந்தது 6,800 மட்டும், கையில் 77,800. வகுத்தால் பதினோரு மாதத்துக்கு மேல் வரும். நல்ல செய்திதான். ஆனால் வந்ததில் 6,000 பழைய கடன். அதைத் தள்ளிவிட்டால் குறைவு 12,800, தாங்குவது ஆறு மாதம். கெட்ட மாதத்தில் இரண்டு எண் எழுதியவன் நல்ல மாதத்திலும் இரண்டும் எழுத வேண்டும். “ஆறு மாதம்” என்பதைத்தான் முதலில் போட்டேன்.

கடிதம் பணம் கொண்டுவராது. சந்தையில் உளுந்து விலை ஏறினால் அதை இறக்காது. அது செய்வது ஒன்றே: முடிவெடுக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போட விடாது. நவம்பர் கடிதத்தின் கடைசி வரி அதற்காகவே எழுதியது. “மூன்று மாதச் சராசரியில் கையிருப்பு நான்கு மாதத்துக்குக் கீழே இறங்கினால், சிரம்பான் வழித்தடத்தை நிறுத்துவோம், மாதம் 5,200 ரிங்கிட் மிச்சமாகும்.” அந்த வழித்தடத்தில் ஓட்டும் தம்பிக்கு இந்த வரியை அனுப்புவதற்கு முன்பே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படின்னா சிரம்பான்ல இன்னும் எத்தனை கடை பிடிச்சா நிறுத்த வேண்டியதில்ல?” என்று கேட்டார். ஆறு என்றேன். டிசம்பர் கடிதத்தில் அந்த எண்ணும் போகும்.