முதற் சம்பளச் சிட்டை

பூவரசங்குளத்திலிருந்து கொழும்புக்கு நான் வேலைக்குப் போனது 2014 தை மாதத்தில். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்திருந்தேன். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் இரண்டு தம்பிமாரும் என் உழைப்பை நம்பி இருந்தார்கள்.

வெள்ளவத்தையில் இன்னொரு பிள்ளையோடு ஓர் அறையில் தங்கினேன். சம்பளம் 18,000 ரூபா. கையில் கிடைத்தது 16,560. அறைக்கு 5,000, பஸ்ஸுக்கு 1,000 போக, பெருமையோடு வீட்டுக்கு 6,000 அனுப்பினேன். மிச்சக் காசு மாதம் முடியும் முன்பே தீர்ந்தது. கடைசி வாரம் பாணும் வெறுந்தேநீரும்தான்.

"பிள்ளை, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடுறியோ?" என்று அம்மா கேட்டார். "ஓமம்மா" என்று பொய் சொன்னேன். அடுத்த மாதம் முதல் வீட்டுக்கு 3,000 என்று மட்டுப்படுத்தினேன். அம்மா கோபிக்கவில்லை. நான்தான் பல நாள் குற்றவாளி போல இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் பெரும் பாரம். கடற்கரையில் தனியே இருந்து, வீட்டில் இப்போது என்ன சமைப்பார்கள் என்று யோசிப்பேன்.

சம்பளச் சிட்டையில் குறைந்த 1,440 ரூபா ஊழியர் சேமலாப நிதிக்கு என்று அறைத்தோழி விளங்கப்படுத்தினாள். நம்மிடம் 8 வீதம் கழிப்பார்கள். வேலை தருபவர் தன் பங்காக 12 வீதம், அதாவது 2,160 ரூபா சேர்க்க வேண்டும். ஆக, மாதம் 3,600 ரூபா என் பெயரில் சேர வேண்டும்.

அவளுக்கு மத்திய வங்கியின் கணக்குக் கூற்று வந்தது. எனக்கு வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால், "வரும், வரும்" என்றார்கள். ஒரு வருடமாகியும் வராதபோது சந்தேகம் வந்தது. ஆனாலும் ஆளில்லாத ஊரில் வேலை போய்விடுமோ என்று பயந்து, இன்னும் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை.

பிறகு தோழி என்னை நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்குக் கூட்டிப் போனாள். என் பெயரில் ஒரு சதமும் கட்டப்படவில்லை. நியமனக் கடிதமும், பிஸ்கட் ரின்னில் பத்திரப்படுத்திய சிட்டைகளும், அடையாள அட்டைப் பிரதியும் இருந்ததால் முறைப்பாட்டை எடுத்துக் கொண்டார்கள். பல மாதம் அலைந்தேன். கடைசியில் நிலுவை முழுவதையும் கட்டினார்கள்.

இப்போது வவுனியாவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் லீவில் வரும் பிள்ளைகளிடம், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. "சிட்டை வைத்திருக்கிறாயா? உன் அங்கத்துவ இலக்கம் தெரியுமா? கணக்குக் கூற்று வந்ததா?" என்றும் கேட்கிறேன். பலர் சிட்டையைக் கசக்கி எறிந்திருப்பார்கள்.

என் சிட்டைகள் இன்றும் அந்த ரின்னுக்குள் இருக்கின்றன. முதல் மாதத்துச் சிட்டையின் பின்புறத்தில் பாண் கணக்கும் எழுதியிருக்கிறது.