கடைசி ஓவருக்கு வெளிச்சம்

பாறசாலையில் நவம்பர் நடுவில் மாலை 6 மணி அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி நடுவில் அது ஏறக்குறைய 6.30 வரை நிற்கும். பகல் நீண்டுவிட்டதால்தான் இப்படி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு நாள்களின் பகலுக்கும் பத்து நிமிட வித்தியாசம்கூடக் கிடையாது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது; அதனால் சூரியனின் உச்சிப்பொழுது கடிகாரத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. பிப்ரவரியில் பகல் முழுவதுமே தாமதமாக விடிந்து தாமதமாக முடிகிறது. சனி, ஞாயிறில் கிரிக்கெட் போட்டி நடத்துகிறவர்களுக்கு இது பெரிய லாபம். எந்த அணியும் விடியற்காலை 6 மணிக்கு வந்து நிற்கப்போவதில்லை. காலையில் குறைவது யாருக்கும் நஷ்டமில்லை. மாலையில் கூடுவது இறுதி ஆட்டத்துக்கு முழுசாகக் கிடைக்கும்.

ஆனால் எல்லைப்பக்க ஊர்களில் எல்லோரும் கேட்பது கிறிஸ்துமஸ் விடுமுறையைத்தான். வெளியூரில் வேலை பார்க்கிற பையன்கள் ஊருக்கு வரும் காலம் அது. துலா மழையும் அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைவது 6.10 வாக்கில். அதற்குப் பிறகும் சற்று நேரம் வானத்தில் வெளிச்சம் இருக்கும். ஆனால் மைதானத்தின் மேற்கே ரப்பர் தோட்டம் இருந்தால் நிழல் முன்னதாகவே ஆடுகளத்தில் விழுந்துவிடும். ஆகவே கடைசிப் பந்து 5.50க்குள் விழுந்தாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்வேன். கணக்கு அங்கிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். காலை 8 மணியிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போட்ட போட்டிகள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கின்றன.

டென்னிஸ் பந்தில் ஓர் ஓவருக்கு எவ்வளவு நேரம்? மூன்று நிமிடம் என்பார்கள். பந்து போட்டு, அடித்து, திரும்பி வந்து சேர்வதற்கு மட்டும் அந்தக் கணக்குச் சரி. இடையில் ஒன்றிரண்டு வைடு விழும், சிக்ஸர் போன பந்தை யாராவது தோட்டத்துக்குள் இறங்கித் தேடுவார்கள், பந்துவீச்சாளர் ஃபீல்டரை நகர்த்துவார். சர்வதேச டி20 ஆட்டத்திலேயே 20 ஓவருக்கு 85 நிமிடம், அதாவது ஓவருக்கு நாலே கால் நிமிடம், என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நாலரை என்று வைத்தால்தான் ஏமாற மாட்டோம்.

பதினாறு அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வையுங்கள். உதியன்குளங்கரை, அமரவிளை, தனுவச்சபுரம் பக்கத்திலிருந்து பாதி. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து மீதி. தோற்றவர் வெளியேறும் முறையில் மொத்தம் பதினைந்து ஆட்டங்கள். ஒவ்வொரு அணிக்கும் ஆறு ஓவர் என்றால், ஓர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு ஓவர், 54 நிமிடம். இன்னிங்ஸ் மாறுவதற்கும் அடுத்த அணிகள் டாஸ் போட்டு இறங்குவதற்கும் 11 நிமிடம் சேர்த்தால் 65. சனிக்கிழமை 8 மணிக்குத் தொடங்கி, முதல் சுற்றின் எட்டு ஆட்டங்களும் முடிய மாலை 4.40 ஆகும். அதுவரை நன்றாகத்தான் தெரியும்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அணிக்கு ஐந்தாறு பேராவது காலை ஆராதனை முடித்துத்தான் வருவார்கள். 11 மணிக்கு முன் ஞாயிறு ஆட்டம் தொடங்காது. தொடங்கவும் கூடாது; பையன்களைக் கோயிலுக்கும் மைதானத்துக்கும் நடுவில் இழுபட விடுவது முறையில்லை. இறுதி ஆட்டம் மட்டும் எட்டு ஓவர் என்றால் இடைவேளையோடு 80 நிமிடம். 5.50க்கு முடிய வேண்டுமானால் 4.30க்குத் தொடங்க வேண்டும். 11 முதல் 4.30 வரை இருப்பது ஐந்தரை மணி நேரம். நான்கு காலிறுதியும் இரண்டு அரையிறுதியும் 65 நிமிட வீதம் ஆறரை மணி நேரம் கேட்கின்றன. ஒரு காலிறுதியைச் சனிக்கிழமை மாலைக்குத் தள்ளினாலும் கையில் மிஞ்சுவது ஐந்தே நிமிடம். ஓர் ஆட்டம் சமனாகி சூப்பர் ஓவர் போனால் அதுவும் தீர்ந்தது.

இங்கேதான் ஓர் ஓவரைக் குறைப்பதன் மதிப்பு தெரியும். ஆறு ஐந்தானால் ஓர் ஆட்டத்தில் மிச்சமாவது ஒன்பது நிமிடம்தான். ஆனால் இறுதி ஆட்டம் நீங்கலாகப் பதினான்கு ஆட்டங்களில் அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். ஓர் ஆட்டம் 56 நிமிடம். அதை ஒரு மணி நேரம் என்றே அட்டவணையில் எழுதலாம். சனிக்கிழமை எட்டு ஆட்டமும் ஒரு காலிறுதியும் 5 மணிக்கு முடியும். ஞாயிறு 11க்குத் தொடங்கினால் மூன்று காலிறுதி 2 மணிக்கும், இரண்டு அரையிறுதி 4 மணிக்கும் முடியும். இறுதிக்கு முன் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது அரையிறுதியில் வென்ற அணி மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் அதுதான் இருக்கிறது. எதிரணி ஒரு மணி நேரத்துக்கு முன்பே ஆடி முடித்து நிழலில் உட்கார்ந்திருக்கும்.

"ஆறு ஓவராவது வையுங்கண்ணே. அஞ்சு ஓவருக்காக மார்த்தாண்டத்துல இருந்து பதினோரு பேரு பஸ்ஸு ஏறி வரணுமா?" என்று ஓர் அணித் தலைவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஐந்து ஓவரில் ஆறாவது ஆளுக்குக் கீழே பலருக்கு மட்டை கைக்கு வராது. ஒருவர் இரண்டு ஓவர் வீசலாம் என்று விட்டால் மூன்று பேரே எல்லாவற்றையும் வீசி முடித்துவிடுவார்கள். மற்றவர்கள் எல்லைக்கோட்டில் நின்றுவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அதனால் ஐந்து ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரே ஓவர் என்பது என் பிடிவாதம். ஐந்து பேர் கட்டாயம் வீச வேண்டும் என்றால் அணியில் பாதிப்பேருக்கு வேலை கிடைக்கும். எட்டு ஓவர் இறுதியில் ஒருவருக்கு இரண்டு. நம் மாவட்டத்துக் காரியவட்டத்தில் 2017 நவம்பர் 7 அன்று இந்தியாவும் நியூசிலாந்தும் மழையால் எட்டு ஓவர் ஆட்டம் ஆடின. இந்தியா 67 எடுத்து ஆறு ஓட்டத்தில் வென்றது. எட்டு ஓவரில் நல்ல ஆட்டம் அமையாது என்பவர்களுக்கு அதைத்தான் நினைவூட்டுவேன்.

நேரத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழி, எல்லா ஓவரையும் ஒரே முனையிலிருந்து வீசுவது. ஓவருக்கு ஓவர் ஃபீல்டர்கள் இடம் மாற வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் ஆடும்போது இதில் வேறொரு பயனும் உண்டு. வரப்பு எப்படிக் கிடக்கிறதோ அப்படித்தான் அங்கே ஆடுகளம் அமையும். அது கிழக்கு மேற்காக அமைந்துவிட்டால் மாலை வெயில் ஒரு முனை மட்டையாளரின் கண்ணில் நேராக அடிக்கும். மேற்கு முனையிலிருந்து பந்து வந்தால் அவருக்குப் பந்தே தெரியாது. கிழக்கு முனையிலிருந்து மட்டும் வீசினால் அந்தத் தொல்லை விக்கெட் கீப்பருக்கும் வராது, ஏனென்றால் அவரும் மட்டையாளர் பார்க்கும் திசையையே பார்க்கிறார்.

இத்தனை செய்தும் மேகம் கவிந்து இருட்டலாம். வெளிச்சம் போவதை மட்டையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வெற்றிக்குப் பக்கத்தில் இருப்பவர் தெரிகிறது என்பார், தோற்கிறவர் தெரியவில்லை என்பார். ரப்பர் மரங்களைப் பார்த்து நிற்கும் ஃபீல்டரைக் கவனிக்க வேண்டும். பச்சை இலைப் பின்னணியில் பந்தின் மஞ்சள் நிறம் முதலில் கரைந்துபோவது அவர் கண்ணில்தான். பந்து தன்னைத் தாண்டிய பிறகு அவர் அசைந்தால் ஆட்டத்தை நிறுத்த நேரமாகிவிட்டது.

நிறுத்தினால் யார் வென்றவர் என்பதை டாஸுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2007 ஏப்ரல் 28 அன்று பார்படாஸில் நடந்த உலகக்கோப்பை இறுதியில் இலங்கை வீரர்கள் வெளிச்சமில்லாமல் வெளியேறினார்கள். இருபது ஓவர் தாண்டிவிட்டதால் விதிப்படி ஆட்டம் அங்கேயே முடிந்திருந்தது. நடுவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மீதி மூன்று ஓவரை ஏறக்குறைய இருட்டிலேயே ஆட வைத்தார்கள். உலகத்தின் தேர்ந்த நடுவர்களுக்கே அப்படி நேர்ந்தது. எங்கள் இறுதி ஆட்டத்துக்கு விதி இவ்வளவுதான்: இரண்டாவது அணி ஐந்து ஓவர் ஆடியிருந்தால், அந்த ஓவரின் முடிவில் முதல் அணி எடுத்திருந்த ஓட்டத்தோடு ஒப்பிடுவோம், ஐந்து ஆகவில்லை என்றால் கோப்பை இருவருக்கும். இரண்டு தலைவர்களும் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாணயம் சுண்டப்படும்.