குறுக்கே கழி, நேரே படி: ஒரு களிம்புக் கணக்கு



என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணின் மகள் இப்போது பி.பார்ம் முதலாண்டு படிக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு சின்னக் கட்டம், அதில் ஐந்து எண்கள், பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. "பாட்டி, இதுக்குப் பேரு அலிகேஷன். கழிச்சதெல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா விடை தப்புன்னு மார்க் போடல. எங்க தப்புன்னு புரியல" என்று எழுதியிருந்தாள்.

பெயர்தான் புதிது. உங்களில் பலருக்கு இது தெரிந்த கணக்கு. கிலோ 40 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்தால் 45 ரூபாய் அரிசி கிடைக்கும் என்று கரும்பலகையில் போட்டோமே, அதே கலவைக் கணக்குதான். அரிசிக் கடையில் தவறினால் சில ரூபாய் போகும். மருந்துக் கடையில் தவறினால் என்ன ஆகும் என்பதை என் அக்காவின் கையை வைத்தே சொல்கிறேன்.

அக்காவுக்கு உள்ளங்கைத் தோல் தடித்து, வறண்டு, கோடு கோடாக வெடித்திருந்தது. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு 6 சதவீத சாலிசிலிக் அமிலக் களிம்பு, 60 கிராம் என்று எழுதிக் கொடுத்தார். இந்த அமிலம் தடித்த தோலை மெல்ல மெல்ல உரித்து எடுக்கும். 3 சதவீதம் என்றால் மென்மையாக வேலை செய்யும். 12 சதவீதம் என்றால் கடுமை. அக்காவுக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது. அன்று அந்த மருந்தகத்தில் 12 சதவீதமும் 3 சதவீதமும் இருந்தன, 6 இல்லை. அங்கே மருந்தாளுநராக இருப்பவன் என் பழைய மாணவன். "உட்காருங்க டீச்சர், ரெண்டும் ஒரே மாதிரி பாரஃபின் களிம்புதான். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கலந்து தர்றேன்" என்றான். ஒரு தாளை எடுத்து அவன் எழுதியது இதுதான்.

```
12            3
       6
 3            6
```

இடப்பக்கம் மேலே கடுமையான களிம்பு 12, கீழே மென்மையான களிம்பு 3. நடுவில் நமக்கு வேண்டிய 6. இனிக் குறுக்கே கழிக்க வேண்டும். கீழே இருக்கும் 3-க்கும் நடுவில் இருக்கும் 6-க்கும் வித்தியாசம் 3. அதை எதிர்மூலையில், அதாவது வலப்பக்கம் மேலே எழுத வேண்டும். மேலே இருக்கும் 12-க்கும் நடுவில் இருக்கும் 6-க்கும் வித்தியாசம் 6. அது வலப்பக்கம் கீழே போகும்.

கழிப்பது குறுக்கே, படிப்பது நேரே. மேல் வரிசையைப் படித்தால் 12 சதவீதக் களிம்பு 3 பங்கு. கீழ் வரிசையைப் படித்தால் 3 சதவீதக் களிம்பு 6 பங்கு. 3-க்கு 6 என்பது 1-க்கு 2. ஆக 60 கிராமில் 12 சதவீதக் களிம்பு 20 கிராம், 3 சதவீதக் களிம்பு 40 கிராம்.

சரியா என்று பார்ப்போம். 20 கிராம் களிம்பில் 12 சதவீதம் என்றால் 2.4 கிராம் அமிலம். 40 கிராமில் 3 சதவீதம் என்றால் 1.2 கிராம். இரண்டும் சேர்ந்து 3.6 கிராம். 60 கிராமில் 3.6 கிராம் என்றால் 6 சதவீதம். கணக்கு நேராகிவிட்டது.

"ஏன் குறுக்கே எழுதணும்? நேரே எழுதினா என்ன?" என்று அந்தப் பெண்ணும் கேட்டாள். அவள் செய்தது அதைத்தான். 12-க்கும் 6-க்கும் வித்தியாசம் 6 என்று கழித்து, அதை 12-க்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டாள். கழித்தல் சரி, வைத்த இடம் மாறிப்போயிற்று.

அவளுக்கு நான் சொன்ன விளக்கம் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் இருக்கும் ஏற்றப் பலகை. நடுவில் பலகையைத் தாங்கும் இடம்தான் 6. 12 என்பவன் அங்கிருந்து 6 அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். 3 என்பவன் 3 அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். பலகை சமமாக நிற்க வேண்டுமானால் தூரத்தில் இருப்பவன் லேசாகவும், பக்கத்தில் இருப்பவன் கனமாகவும் இருக்க வேண்டும். 12-இன் ஒவ்வொரு கிராமும் நமக்கு வேண்டியதைவிட 6 பங்கு கூடுதலாகக் கொண்டுவருகிறது. 3-இன் ஒவ்வொரு கிராமும் 3 பங்கு குறைவாகக் கொண்டுவருகிறது. ஒரு கிராம் கூடுதலை ஈடுகட்ட இரண்டு கிராம் குறைவு வேண்டும். ஒன்றின் தூரம் மற்றதன் பங்காக மாறுவதால்தான் குறுக்கே எழுதுகிறோம்.

மாற்றி எழுதினால் என்ன ஆகும்? 12 சதவீதக் களிம்பு 40 கிராம், அதில் 4.8 கிராம் அமிலம். 3 சதவீதக் களிம்பு 20 கிராம், அதில் 0.6 கிராம். மொத்தம் 5.4 கிராம், அதாவது 9 சதவீதம். மருத்துவர் சொன்னதைப்போல ஒன்றரை மடங்கு. ஏற்கெனவே வெடித்திருக்கும் கையில் அதைப் பூசினால் எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம். டப்பாவில் பார்த்தால் 6-ம் 9-ம் ஒரே வெள்ளைக் களிம்பு. மோந்து பார்த்தும் தெரியாது, தொட்டுப் பார்த்தும் தெரியாது. தவறைப் பிடிக்க ஒரே இடம் தாள்தான். எடை போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டால் போதும்: வேண்டிய எண் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? 6 என்பது 3-க்குப் பக்கம். அப்படியானால் 3 சதவீதக் களிம்புதான் அதிகம் போக வேண்டும். விடை அதற்கு நேர்மாறாக வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இது ஐரோப்பாக்காரர்கள் சொல்லிக்கொடுத்த தந்திரம் என்று நினைக்காதீர்கள். பாஸ்கராச்சாரியார் 1150-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய லீலாவதியில் தங்கம் கலக்கும் பகுதியில் இதே விதி இருக்கிறது. நாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்றுக் கணக்கு. வேண்டிய மாற்றை உயர்ந்த மாற்றிலிருந்து கழித்தால் தாழ்ந்த தங்கத்தின் பங்கு, தாழ்ந்த மாற்றை வேண்டிய மாற்றிலிருந்து கழித்தால் உயர்ந்த தங்கத்தின் பங்கு. அவர் கொடுக்கும் உதாரணம் 16 மாற்றையும் 10 மாற்றையும் கலந்து 12 மாற்று ஆக்குவது. போட்டுப் பாருங்கள், 2-க்கு 4. அக்காவின் களிம்புக்கு வந்த அதே 1-க்கு 2.

கணக்கு முடிந்ததும் அவன் கலந்ததையும் சொல்ல வேண்டும். முதலில் 60 கிராமுக்குப் பதில் 66 கிராமுக்குக் கணக்கிட்டான், 22-ம் 44-ம். "பலகையிலயும் கரண்டியிலயும் கொஞ்சம் ஒட்டிக்கும் டீச்சர், பத்துல ஒரு பங்கு சேர்த்துப் போட்டாத்தான் டப்பாவுல 60 நிக்கும்" என்றான். கண்ணால் அளக்கவில்லை, தராசில் நிறுத்தான். களிம்பின் சதவீதம் எடைக்கு எடை சொல்லப்படுவது. கரண்டி அளவில் எடுத்தால் காற்றுக் குமிழி ஒன்று கணக்கைக் கெடுத்துவிடும்.

பிறகு 22 கிராம் கடுமையான களிம்பைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, மற்றதில் அதே அளவு, இன்னொரு 22 கிராம் மட்டும் சேர்த்துத் தட்டையான கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் கலந்தான். அது ஒன்றான பிறகுதான் மீதி 22 கிராமைச் சேர்த்தான். சிறிய அளவோடு சம அளவு, அந்தக் கலவையோடு மறுபடி என்று ஏறிக்கொண்டே போவது முறை. மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டிக் கிளறினால் சில இடத்தில் 12, சில இடத்தில் 3 என்று திட்டுத்திட்டாக நிற்கும். சராசரி 6 என்று தாள் சொல்லும், விரலில் வருவது 6 ஆக இருக்காது.

இந்தக் கட்டத்துக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. இரண்டும் ஒரே வகை அடிப்பொருளில் செய்ததா என்று அது கேட்காது. தண்ணீர் கலந்த கிரீமையும் கொழுப்பான பாரஃபின் களிம்பையும் கலந்தால் எண் சரியாக வரும், டப்பாவோ சில நாளில் ஓரத்தில் நீர் கசிந்து பிரிந்து நிற்கலாம். திரவங்களில் வேறொரு வம்பு. 95 சதவீத ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்து 70 சதவீதம் ஆக்க வேண்டும் என்றால் 70 பங்குக்கு 25 பங்கு என்று வரும். 700 மில்லியோடு 250 மில்லி தண்ணீர் ஊற்றினால் 950 மில்லி இருக்காது, கொஞ்சம் குறையும். ஆல்கஹாலும் தண்ணீரும் சேரும்போது அளவு சுருங்கும். அதனால் தண்ணீரை அளந்து ஊற்றாமல், 700 மில்லி ஆல்கஹாலை அளவுச் சாடியில் ஊற்றி, 950 கோடு வரும்வரை தண்ணீர் விட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. சதவீதம் பாதியானால் மருந்தின் வேகமும் பாதியாகும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. ஸ்டீராய்டு கிரீம்களில் அப்படி நடப்பதில்லை. ஆகவே என் சொந்தங்களே, இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு டியூபைப் பிதுக்கிக் கலக்கக் கிளம்பிவிடாதீர்கள். தாளில் போடுவதோடு நம் வேலை முடிந்தது. கலப்பது மருத்துவர் சொல்லி மருந்தாளுநர் செய்ய வேண்டியது.

டீச்சர் பதிவு என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா? இரண்டு கணக்கு தருகிறேன்.

ஒன்று: 20 சதவீத யூரியா கிரீமையும், மருந்தே இல்லாத வெறும் கிரீமையும் கலந்து 8 சதவீத கிரீம் 150 கிராம் வேண்டும். எது எத்தனை கிராம்? வெறும் கிரீமுக்கு என்ன எண் எழுதுவது என்பதை நீங்களே யோசியுங்கள்.

இரண்டு: 5 சதவீதமும் 10 சதவீதமும் இருக்கின்றன. 12 சதவீதம் வேண்டும். கட்டம் போட்டுப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

விடையைக் கருத்துப் பகுதியில் போடுங்கள். எடையைச் சரிபார்த்த வரியையும் சேர்த்து எழுதினால்தான் முழு மதிப்பெண்.