லெம்பேயின் கரிய மணலில் ஒரு குத்துச்சண்டைக்காரர்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மானாடோ வரை விமானம். அங்கிருந்து பிதுங் துறைமுகத்துக்குக் கார். எதிரே நீண்டு கிடப்பது லெம்பே தீவு. இடையில் உள்ள ஒடுங்கிய ஜலசந்தியில் பவளத் தோட்டங்களைத் தேடி யாரும் முக்குளிப்பதில்லை. எரிமலை தந்த கறுப்பு மணலும் உடைந்த பவளத் துண்டுகளும் எவரோ வீசிய பாட்டில்களும்தான் அடியில் இருக்கின்றன. அந்தக் குப்பைக்குள்தான் நான் பார்க்க வந்த மயில்வண்ண மான்டிஸ் இறால் வளை தோண்டி வாழ்கிறது.

வழிகாட்டி இரும்புக் குச்சியால் ஒரு துளையைச் சுட்டிவிட்டு, விரல்களை மடக்கிக்கொள்ளச் சைகை காட்டினார். முதலில் வெளிவந்தவை காம்புகளின் மேல் நின்ற இரு கண்கள். ஒன்று என்னைப் பார்க்க, மற்றொன்று வேறெங்கோ திரும்பியது. பிறகு உடல் வந்தது: பச்சை, ஆரஞ்சு, நீலம், சிவப்பு, ஒரு சாண் நீளம். முன்கால்களைக் கும்பிடுபூச்சியைப் போல மார்போடு மடித்து வைத்திருந்தது. மடிப்பின் முழங்கை தடித்து உருண்டிருந்தது. அதுதான் சம்மட்டி.

வளைக்கு அருகே ஒரு நத்தை ஊர்ந்து வந்தது. இறால் அதைத் தடவிப் பார்த்தது, சற்று நகர்ந்து நின்றது. ‘டொக்’கென்று ஒரு சத்தம், நத்தை உருண்டது. கை அசைந்ததை நான் பார்க்கவே இல்லை. மறுபடி ‘டொக்’. ஓடு ஒரே அடியில் உடைவதில்லை. தடித்த ஓடென்றால் பல அடிகள் வேண்டும்.

என் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஷீலா பாடெக்கும் ராய் கால்ட்வெல்லும் இதே இனத்தை அதிவேகக் கேமராவில் பிடித்து 2004இல் வெளியிட்ட அளவீட்டின்படி ஓர் அடி முடிய சராசரியாக 2.7 மில்லிவினாடி ஆகிறது. நாம் கண் சிமிட்ட அதைப்போல் பல மடங்கு நேரம் வேண்டும். கையின் உச்ச வேகம் வினாடிக்கு 14 முதல் 23 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டரையும் தாண்டலாம். அதுவும் காற்றில் அல்ல, தண்ணீரில்.

எந்தத் தசையாலும் நேரடியாக இவ்வளவு விரைந்து சுருங்க முடியாது. கேரம் காயைச் சுண்டும்போது விரலைக் கட்டைவிரலில் தடுத்து வைத்து அழுத்துகிறோமே, அதே உபாயம்தான் இங்கும். கையை நீட்டும் பெரிய தசை நிதானமாக இழுக்கிறது. மடக்கும் தசை உள்ளே சிறு ஓட்டுத் துண்டுகளைத் தாழ்ப்பாளாகப் போட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறது. இழுவிசையெல்லாம் குதிரைச் சேணம்போல் வளைந்த ஓர் ஓட்டுப் பகுதியில் வில்லாகச் சேர்கிறது. தாழ்ப்பாள் விலகியதும் வில் நிமிர்கிறது.

விழும் அடியும் ஒன்றல்ல, இரண்டு. சம்மட்டி அவ்வளவு வேகமாகச் செல்வதால் நீரின் அழுத்தம் சட்டென விழுந்து ஆவிக் குமிழிகள் பிறக்கின்றன. முதல் அடி விழுந்து சுமார் அரை மில்லிவினாடிக்குள் அவை நொறுங்க, ஓட்டின் மீது இரண்டாவது தாக்குதல் விழுகிறது. முதல் அடியின் விசை 1,500 நியூட்டன் வரை, ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமாகப் போயிருக்கிறது. கப்பலின் உலோக விசிறியையே அரிக்கும் இந்தக் குமிழி, சம்மட்டியையும் தேய்க்கிறது. சட்டை உரிக்கும்போது புதிய சம்மட்டி கிடைத்துவிடுவதால் இறால் பிழைக்கிறது.

கண்ணைப் பற்றி ஊரெல்லாம் சொல்வதை நானும் நம்பித்தான் போனேன்: நமக்கு மூன்று நிற உணரிகள், இதற்குப் பன்னிரண்டு, ஆகவே நாம் கனவிலும் காணாத நிறங்களைக் காண்கிறது என்று. புற ஊதாவைக் காண்பது உண்மைதான். ஆனால் குவின்ஸ்லாந்தில் ஹன்னா தோன், ஜஸ்டின் மார்ஷல் முதலியோர் 2014இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நிற ஒளியைத் தேர்ந்தால் உணவு என்று இவற்றின் உறவினமொன்றைப் பழக்கினார்கள். இன்னொரு நிறத்தை மெல்ல அதன் அருகே கொண்டு வந்தபோது, வித்தியாசம் 25 நானோமீட்டருக்குக் கீழே போனதும் தடுமாறியது. நாம் ஓரிரு நானோமீட்டர் வித்தியாசத்தையே பிரித்துவிடுவோம்.

நம் மூளை உணரிகளின் சமிக்ஞைகளை ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. இறால் கணக்கே போடாமல், எந்த உணரி தூண்டப்பட்டது என்று பார்த்தே நிறத்தை அறிவதாக அவர்கள் கருதுகிறார்கள். நுட்பம் போகிறது, நேரம் மிச்சமாகிறது. கண்ணின் நடுவே ஆறு வரிசைகள் கொண்ட பட்டை ஒன்று ஓடுகிறது. நிற உணரிகள் அதன் நான்கு வரிசைகளில் இருக்கின்றன. அந்தக் கண் ஓயாமல் அசைந்துகொண்டிருந்ததற்கும் இதுவே காரணம். மெல்லிய பட்டையால் காட்சியை வருடினால்தான் நிறம் தெரியும்.

எஞ்சிய இரண்டு வரிசைகள்தான் எனக்குப் பெரிய அதிசயம். அவை ஒளி அலை அதிரும் திசையைப் பிரித்தறிகின்றன. அந்தத் திசை சுழன்றபடியே முன்னேறும் ஒளியில் வலச்சுழலா இடச்சுழலா என்பதும் தெரிகிறது. வேறெந்த விலங்குக்கும் இத்திறன் இப்படித் தெளிவாக நிறுவப்படவில்லை. இந்த மயில்வண்ண இறாலின் நெருங்கிய இனமொன்றில் ஆணின் வால்தட்டு இத்தகைய சுழல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வேறோர் இனத்துக்கு 2015இல் இரண்டு வளைகளைக் காட்டிச் சோதித்தார்கள். சுழல் ஒளி வரும் வளையை அது தவிர்த்தது: உள்ளே ஆள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது போலும். எதிரில் சம்மட்டி இருக்கும்போது, கதவைத் தட்டிப் பார்ப்பதைவிட அது மேல்.