எந்தக் கோட்டிலிருந்து?

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் உள்ள தமிழ்ப் பள்ளிகளில் பல, பால்மரத் தோட்டங்களோடு சேர்ந்து பிறந்தவை. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிருவாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்ததும், லயத்துக்கு அருகே ஒற்றை அறையில் அப்பள்ளிகள் தொடங்கியதும் பலரும் அறிந்த வரலாறு. அப்பள்ளிகளில் பார்வையற்ற பிள்ளைக்கு இடம் இருக்கவில்லை என்பது அதே அளவுக்குப் பேசப்பட்டதில்லை. பிரெயில் கற்க விரும்பிய பிள்ளை பினாங்கின் செயின்ட் நிக்கலஸ் இல்லத்துக்கோ, 1948இல் ஜொகூர் பாருவில் நிறுவப்பட்ட பிரின்சஸ் எலிசபெத் பள்ளிக்கோ விடுதி மாணவராகச் செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு சென்ற தோட்டத்துப் பிள்ளை வீட்டைப் பிரிந்ததோடு, தமிழ்வழிக் கல்வியையும் பெரும்பாலும் பிரிந்தது. சிறப்புப் பள்ளி, ஒருங்கிணைப்பு வகுப்பு ஆகியவற்றோடு, மற்ற மாணவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் உள்ளடக்கக் கல்வியையும் 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிமுறைகள் ஒரு வழியாக ஏற்கின்றன. இக்கட்டுரை அந்த மூன்றாம் வழியில் ஆசிரியரின் கைத்தொழில் எத்தகையது என்பதை, தோட்டப்புற வகுப்பொன்றின் கோணப் பாடத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறது.

அத்தொழிலின் முதற்கருவி பிரெயில் கட்டம் ஆகும். இடப்பத்தியில் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்றும் வலப்பத்தியில் 4, 5, 6 என்றும் எண்ணிடப்படும் ஆறு புள்ளிகளில் எவை மேடாக எழுகின்றன என்பதே ஓர் எழுத்தை மற்றோர் எழுத்திலிருந்து பிரிக்கிறது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பால்மரத்தில் இரண்டு நாள் வெட்டில் குறையும் பட்டையின் அகலம் அவ்வளவுதான் என்று சொன்னால் தோட்டத்து மக்களுக்கு உடனே விளங்கும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளைப் படிக்கும் மலேசியப் பிள்ளைக்கு இம்முறையில் ஒரு வசதி உண்டு. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் இயன்றவரை ஒலியொப்புமையை ஒட்டி அமைக்கப்பட்டதால், 1, 3 என்னும் புள்ளிகள் தமிழில் ககரத்தையும் மலாயில் அதே ஒலியுடைய எழுத்தையும் குறிக்கின்றன. மகரம், லகரம், பகரம், வகரம் ஆகியவையும் அவ்வாறே பொருந்துகின்றன. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நிற்கும் ‘கொ’ போன்ற வடிவங்கள் பிரெயிலில் ககரமும் அதையடுத்து ஒகரமும் என்று ஒலிக்கும் வரிசையிலேயே அமைகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்பாக, நான்காம் புள்ளியாக வருகிறது.

ஒலியொப்புமை எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை என்பதைக் கணக்குப் பாடம் காட்டிவிடுகிறது. 3, 4, 5, 6 ஆகிய நான்கு புள்ளிகள் தமிழில் ணகரமாகவும், எண் வருகிறது என்று அறிவிக்கும் எண்குறியாகவும் பயன்படுகின்றன; அதனால் ‘ணி’ என்னும் எழுத்தும் 9 என்னும் எண்ணும் தாளில் ஒரே இரண்டு கட்டங்களாக இருக்கின்றன. தமிழ்ச் சொல் ணகரத்தில் தொடங்குவதில்லை என்ற இலக்கண விதி இங்கே எதிர்பாராத துணையாகிறது. சொல்லின் முதலில் அக்கட்டம் வந்தால் எண் என்றும், இடையில் வந்தால் எழுத்து என்றும் பிள்ளை கொள்ளலாம். எண்ணையும் உருபையும் இடைவெளியின்றி ஒட்டி எழுதும் அச்சுப் பழக்கம் பிரெயிலுக்கு மாற்றப்படும்போது அவ்விதி குழம்பக்கூடும் என்பதால், கணக்குத் தாள் தயாரிப்பவர் எண்ணுக்குப் பின் இடைவெளி விடுவது நல்லது.

எழுத்தை விடக் கடினமானது படம். கண் ஒரு படத்தை முதலில் முழுமையாகக் கண்டு, பின்னர் அதன் பகுதிகளுக்குச் செல்கிறது. விரல்நுனியோ ஒரு நேரத்தில் ஒரு சிறு பரப்பை மட்டுமே அறிவதால், பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டு, நினைவில் சேர்த்து, கடைசியில்தான் முழுமையை அடைகிறது. ஆகவே பாடநூலின் படத்தைப் பெரிதாக்கி, அதன் எல்லாக் கோடுகளையும் மேடாக்கித் தருவது பயன் தராது. நெருங்கிய கோடுகள் விரலுக்கு ஒரே மேடாகத் தெரியும் என்பதோடு, எது படத்தின் பொருள், எது அலங்காரம் என்று பிரித்தறியவும் வழி இராது. ஆசிரியர் செய்ய வேண்டியது, படத்தை விரல் போகும் வரிசையில் பிரித்து, அவ்வரிசையிலேயே சொல்லையும் அமைப்பதாகும்.

கோணத்தைப் பற்றிய பாடத்துக்குத் தோட்டப்புறத்தில் ஏற்ற பொருள் பால்மரத்தின் வெட்டு. செம்பனை பெரும்பரப்பைப் பிடித்துக்கொண்ட பின்னரும் நெகிரி செம்பிலானின் சிறுதோட்டங்களில் பால்மரம் நிற்கிறது. மரத்தை எதிர்நோக்கி நிற்பவருக்கு வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, கிடைமட்டத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து, மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் செல்கிறது. பட்டைக்குள் இருக்கும் பாற்குழல்கள் நேராக மேலேறாமல் சற்று வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடப்புறம் உயர்ந்த வெட்டே அதிகக் குழல்களை அறுக்கும். சாய்வுக்குக் காரணம் பால் வடிவது மட்டுமன்று. முற்பகலில் பால் நின்றபின் வெட்டின் பள்ளத்தில் ஒட்டுப்பால் இழைபோல் உலர்ந்து கிடக்கும். மறுமுறை வெட்டுபவர் முதலில் உரித்தெடுக்கும் அவ்விழையே, விரல் தவறாமல் பின்தொடரக்கூடிய ஒரு கோடாக அமைகிறது. புதிய மரத்தில் முதல் வெட்டைக் குறிக்கத் தொழிலாளர் பயன்படுத்தும் கருவியும், நீண்ட மரச்சட்டத்தில் சாய்வாக அறையப்பட்ட வளையும் தகடு என்பதால், அதனைக் கையில் எடுத்த பிள்ளை கோணத்தையே கையில் எடுத்ததாகிறது.

மரத்தைத் தொட்ட அனுபவத்தை வகுப்புக்குக் கொண்டுவருவதற்குச் சில படிகள் உள்ளன. அடிமரத்தைச் சுற்றி ஒரு நூல் கிடைமட்டமாகக் கட்டப்படுகிறது. பிறகு தடித்த தாள் ஒன்று மரத்தில் சுற்றிப் பிடிக்கப்பட்டு, வெட்டின் மேலும் நூலின் மேலும் கட்டைவிரலால் அழுத்தப்படுகிறது. தாளை அவிழ்த்து மேசையில் விரிக்கும்போது, மரத்தைச் சுற்றி வளைந்து சென்ற வெட்டு நேர்கோடாகக் கிடப்பதைப் பிள்ளை தானே கண்டறிகிறது. தாளின் வெளிப்பக்கத்தில் வெட்டு பள்ளமாகப் பதிந்திருக்கும் என்பதால், மேடு வேண்டித் தாளைத் திருப்பிப் போடும் ஆசை ஆசிரியருக்கு எழலாம். திருப்பினால் இடவலம் மாறி, மரத்தில் இல்லாத சாய்வு தாளில் தோன்றிவிடும். பள்ளத்திலேயே பசையிட்டுச் சணல்கயிற்றை ஒட்டுவது இதற்குத் தீர்வு. தையற்காரரின் பற்சக்கரத்தைக் கொண்டு தாளின் பின்புறத்தில் உருட்டிப் புள்ளிக்கோடு எழுப்புவோரும் இதே காரணத்தால் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வரைந்துகொள்ள வேண்டும். எல்லா அட்டைகளிலும் வலப்புற மேல்மூலையை வெட்டி விடுவது வழக்கம். அந்த மூலையைத் தேடித் தொட்டதும் அட்டை சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

இனிச் சொல்லின் பங்கு. கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர் “இந்தக் கோடு, இப்படி, இங்கே” என்று சொல்லும்போது அச்சொற்களின் பொருள் முழுவதும் அவருடைய விரல்நுனியில் இருக்கிறது, சொல்லில் இல்லை. வாய்மொழி விளக்கம் என்பது சுட்டுச்சொல்லுக்குப் பதிலாகப் பெயரையும் திசையையும் அளவையும் வைப்பதாகும். “அட்டையின் கீழோரத்தில் இடமிருந்து வலமாக ஒரு நூல் கிடக்கிறது, அதன் வலமுனையில் விரலை நிறுத்துங்கள், அங்கிருந்து ஒரு கயிறு இடப்பக்கம் மேல்நோக்கிப் போகிறது” என்று சொன்னால், பார்வையுள்ள பிள்ளைகள் பலகையில் பின்தொடரும் அதே வேகத்தில் பார்வையற்ற பிள்ளையின் கையும் பின்தொடர முடிகிறது. விரல் ஓர் இடத்தை அடையும் முன் அடுத்த வாக்கியம் தொடங்கக் கூடாது. பின்வரிசையிலிருந்து கவனிக்கும் பார்வையாளருக்கு அவ்வகுப்பின் பேச்சு முதலில் மெதுவாகத் தோன்றும். ஆசிரியர் மாணவர் முகத்தைப் பாராமல் கையைப் பார்த்துப் பேசுகிறார் என்பது சற்றுப் பின்னரே புலப்படும்.

வெட்டின் சாய்வை அளக்கும் கட்டத்தில் இம்முறையின் பயன் தெளிவாகிறது. பத்துப் பாகைக்கு ஒரு மேட்டுப்புள்ளி உடைய அட்டைப் பாகைமானி பார்வையற்ற மாணவிக்கும், அச்சிட்ட பாகைமானி மற்றவர்க்கும் தரப்பட்டு, வெட்டு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கேட்கப்படுகிறது. மற்றவர்களில் சிலர் 30 என்றும் சிலர் 60 என்றும் விடை தருகின்றனர். மாணவி விடை சொல்லாமல், “எந்தக் கோட்டிலிருந்து, டீச்சர்?” என்று கேட்கிறாள். மரத்தின் நிமிர்ந்த விளிம்பிலிருந்து அளந்தால் 60, கிடைமட்ட நூலிலிருந்து அளந்தால் 30 என்பதால், இரு விடைகளும் கணக்கில் சரியே, கேள்விதான் முழுமையற்றது. பாடநூற்படங்கள் அக்குறையைப் புள்ளிக்கோடு ஒன்றால் ஓசையின்றி நிரப்பிவிடுகின்றன. மரத்தில் அப்படியொரு கோடு இல்லை. நூலைத் தன் கையால் கட்டிய மாணவிக்கு, கோணம் என்பது இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்டது என்பதும் அவற்றுள் ஒன்று யாராவது தேர்ந்து வைத்தது என்பதும் தெரியும்.

அம்மாணவி கோணத்தைப் புரிந்துகொண்டாளா, அட்டையை மனப்பாடம் செய்தாளா என்று பிரித்தறிவதற்குச் சோதனைகள் உண்டு. கைகள் நீளமான 30 பாகைக் கோணமும் கைகள் குறுகிய 60 பாகைக் கோணமும் பக்கத்தில் வைக்கப்பட்டால், நீளமானதே பெரிய கோணம் என்று சொல்லும் பிள்ளை இன்னும் கோட்டின் நீளத்தையே தொடுகிறது. அட்டையைக் கால்வட்டம் திருப்பி வைத்தபின் விடை மாறினால், பிள்ளை அறிந்திருப்பது கோணத்தை அன்று, அட்டையின் இருப்பை. இரண்டு ஈர்க்குகளைக் கொடுத்து அதே சாய்வை மேசைமீது அமைக்கச் சொல்வது மூன்றாவது சோதனை. முதல் இரண்டில் தேறிய பிள்ளையும் இதில் தடுமாறலாம், ஏனெனில் தொட்டு அறிவதைவிடத் தானே அமைப்பது கடினம்.

இம்முறைக்கு எல்லைகளும் உள்ளன. 30 நிமிடப் பாடத்துக்கான அட்டை முந்தைய நாளே பசை காய்ந்திருக்க வேண்டும் என்பதால், எந்தப் பக்கத்தை நடத்தப்போகிறோம் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். வகுப்பில் திடீரெனத் தோன்றும் படத்துக்குச் சொல் மட்டுமே துணை. ஈரக்காற்றில் அட்டை தளர்ந்து கயிறு பெயர்வதும், பலமுறை தொட்டதில் பற்சக்கரப் புள்ளிகள் படிந்து மழுங்குவதும் இயல்பு. மழுங்கிய கோட்டில் விரல் நின்று தேடுவதைக் காணும் ஆசிரியர், பிள்ளை தவறாகப் படிக்கிறது என்று முடிவு கட்டுமுன் கண்ணை மூடி அதே கோட்டைத் தாமே ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த கோணக் கேள்வியைப் பலகையில் எழுதும்போது, “கிடைமட்டக் கோட்டிலிருந்து” என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தே எழுதுவதும், அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவதும், அன்றைய பாடத்தில் வகுப்பு முழுவதற்கும் கிடைத்த மாற்றமாகும்.