காலை நாலேகாலுக்கு ஊதும் மெஷின்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அந்த ஷெட் இருக்கிறது. பின்னால் கரிசல் காடு, அதற்கப்பால் சீமைக் கருவேலம். நான் போய் இறங்கியபோது மணி நாலு. ஆறு பஸ்கள் வரிசையாக நின்றன. திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், ஆறு மணி ஷிப்டுக்கு நூற்பாலைக்குப் பெண்களை ஏற்றிவரும் மில் பஸ்கள் அவை. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்தப் பெண்கள் கொண்டுவரும் சம்பளத்தால்தான். ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் என்றால் நாற்பது வீடு.

தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டது, டிரைவர்களுக்கான மது விதியை ஒருமுறை படித்துத் திருத்தித் தரச் சொல்லி. மேசையில் உட்கார்ந்து படித்தால் எல்லா விதியும் சரியாகவே தெரியும். அதனால் வண்டி எடுக்கும் நேரத்துக்கே வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

விதி சுவரில் ஒட்டியிருந்தது. "மது அருந்திவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்." அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு மேசை, ஊதிப் பார்க்கும் மெஷின், ஒரு நோட்டு.

முதல் இருவர் ஊதினார்கள். பூஜ்யம். மூன்றாவதாக வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, சட்டை மடிப்புக் கலையாமல் வந்திருந்தார். நடையில் தடுமாற்றம் இல்லை, பேச்சு குழறவில்லை. ஊதினார். 38 என்று காட்டியது.

சூப்பர்வைசர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "என்னண்ணே இது?"

"ராத்திரி பத்து மணிக்கே முடிச்சிட்டேன் தம்பி. ஒரே ஒரு குவார்ட்டர். தூங்கி எந்திரிச்சு, குளிச்சு, டீயும் குடிச்சிட்டுத்தான வாரேன். குடிச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னுதான எழுதியிருக்கு? நான் ஓட்டுறதுக்கு முந்தி குடிக்கலையே."

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. சுவரில் எழுதியிருந்ததை எழுதியபடியே படித்திருக்கிறார். குடிப்பது வேறு, நேற்றுக் குடித்தது இன்றும் ரத்தத்தில் இருப்பது வேறு என்று அந்த இரண்டு வரியில் எங்கேயும் இல்லை. அன்று நான் பார்த்த முதல் ஓட்டை அது.

உடனே முடிவு சொல்ல வேண்டாம், பதினைந்து நிமிஷம் உட்கார வைத்துத் திரும்ப ஊதச் சொல்லலாம் என்றேன். அதுவரை தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வேறெதுவும் வாயில் போடக் கூடாது. இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. அரிஷ்டம் குடித்திருந்தாலோ, சில இருமல் மருந்துகளையோ வாய் கொப்பளிக்கும் மருந்தையோ அப்போதுதான் பயன்படுத்தியிருந்தாலோ வாயில் தங்கிய ஆல்கஹாலே மெஷினைப் பெரிய எண் காட்ட வைக்கும். வாயில் தங்கியது கால் மணி நேரத்தில் ஏறக்குறைய முழுதும் போய்விடும். ரத்தத்தில் இருப்பது அப்படிப் போகாது, மெல்லத்தான் இறங்கும். ஆகவே இரண்டாவது எண் சரிந்து விழுந்தால் அது வாய், கொஞ்சமே குறைந்தால் அது ரத்தம். புது ஊதுகுழல் மாட்டி ஊதச் சொன்னார்கள். 35. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்காட்டினேன். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியானால் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அதைக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 135 மில்லிகிராம் வரை ஏறும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் எரிக்கும். தூக்கம், குளியல், டீ, மோர், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. பத்து மணியிலிருந்து நாலேகால் வரை ஆறேகால் மணி நேரம். எரிந்தது 94. மிச்சம் நாற்பதையொட்டி. மெஷின் காட்டியது 38. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 30. விபூதி பூசி வந்த அந்த மனுஷர், தனக்கே தெரியாமல், சட்டப்படி குற்றவாளியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒல்லியான ஆளுக்கு எண் இன்னும் மேலே போகும், சிலருக்கு ஈரல் மணிக்குப் பத்துதான் எரிக்கும். அதனால் இதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் ஒரு விதியில் எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும் என்பதை இது சொல்லிவிடும்.

ஷெட்டுக்கு அதிக தூரமில்லை விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதை. அந்தப் பாதையில் ரயில் ஓட்டுகிறவர்களைக் கட்டுப்படுத்தும் ரயில்வே பொது விதியில் 2.09 என்று ஒன்று இருக்கிறது. மது விதி எழுதுகிற எவரும் அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ரயில்வே ஊழியர் எவரும் பணியில் போதையில் இருக்கக் கூடாது, மதுவோ மயக்கம் தரும் மருந்தோ எடுத்ததால் வேலைத்திறன் குறைந்த நிலையிலும் இருக்கக் கூடாது என்பது முதல் பகுதி. ரயில் ஓட்டத்தோடு நேரடித் தொடர்புள்ளவர் பணி தொடங்குவதற்கு எட்டு மணி நேரம் முன்னிருந்தே அவற்றைத் தொடக் கூடாது என்பது இரண்டாம் பகுதி. எல்லாருக்கும் ஒன்று, உயிர் கையில் உள்ளவருக்குக் கூடுதலாக ஒன்று. மில் ஷெட்டிலும் கணக்கு எழுதுகிறவருக்கும் டிரைவருக்கும் ஒரே விதி போதாது.

எட்டு மணி நேரம் போதுமா? நம் குவார்ட்டர் கணக்கில் எட்டு மணி நேரத்தில் எரிவது 120. பதினைந்து மிச்சம் நிற்கும். இரண்டு குவார்ட்டர் என்றால் பதினெட்டு மணி நேரம் வேண்டும். விமானிகளுக்கு இந்தியாவில் 12 மணி நேரம். மேனேஜரும் நானும் 12 என்றே எழுதினோம். கூடவே, 12 மணி நேரம் கழிந்திருந்தாலும் மெஷின் காட்டினால் வண்டி கிடையாது என்றும் சேர்த்தோம். பக்கத்தில் நின்ற இளைஞர் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப மறுநாள் காலை ட்ரிப் இருந்தா சாயங்காலமே தொட முடியாதுண்ணே" என்றார். ஆமாம் என்றேன். அதைத்தான் அந்த எண் சொல்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு எல்லை. "பூஜ்யம்" என்று எழுதத்தான் கை வரும். ஆனால் மலிவான மெஷின்கள் காரணமில்லாமல் நாலு, ஐந்து காட்டுவதுண்டு. அதற்காக ஒருவர் வேலையை எடுத்தால் எந்த விசாரணையிலும் நிற்காது. இரண்டு படியாக எழுதினோம். இரண்டாம் ஊதலிலும் 20க்குள் ஏதாவது காட்டினால் அன்றைக்கு வண்டி இல்லை, பெயர் நோட்டில் ஏறும், தண்டனை இல்லை. 20ஐத் தாண்டினால் விதிமீறல். மெஷினை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்த்து, அந்தச் சான்றை நோட்டோடு ஒட்டி வைக்க வேண்டும். இந்த ஷெட்டில் மெஷின் வாங்கியதிலிருந்து ஒருமுறையும் சரிபார்க்கவில்லை. வாசனை வந்தது, தள்ளாடினார் என்பது மட்டும் குடிபோதைக்குப் போதிய சான்றாகாது என்று 1971இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது. எண்ணும், எண்ணைத் தந்த மெஷினின் நம்பகமும் இருந்தால்தான் நடவடிக்கைக்குக் கால் இருக்கும்.

வெளியே ஸ்பேர் டிரைவருக்குப் போன் போய்க்கொண்டிருந்தது. விபூதிக்காரர் சட்டைப் பையில் பைக் சாவியைத் துழாவினார். வீட்டுக்குப் போகிறாராம். பஸ் ஓட்டக் கூடாதவர் பைக் மட்டும் எப்படி ஓட்டுவார்? யாருக்கும் அது தோன்றவில்லை, விதியிலும் இல்லை. "சாவி ஷெட்டில் இருக்கும், ஆள் அனுப்பி வீட்டில் விட வேண்டும்" என்று ஒரு வரி சேர்ந்தது.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டம்ளரைப் பிடித்த கை லேசாக நடுங்கியது. தினமுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தினமுந்தான்ணே. ஒரு நாள் விட்டா கை ஆடுது, தூக்கம் வரல."

எனக்கு அந்த 38ஐவிட இந்த நடுக்கம் பெரிய கவலையாக இருந்தது. வருஷக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர், பரிசோதனைக்குப் பயந்து திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு புத்தி தடுமாறும் நிலையும் சிலருக்கு வரும், உயிரையும் எடுக்கும். அந்த இரண்டு நாளில் பெரும்பாலான நேரம் மெஷின் அழகாகப் பூஜ்யம் காட்டும். திருச்சுழிப் பக்கத்திலிருந்து திரும்பி வரும் வழியில், நாற்பது பெண்கள் பின்னால் உட்கார்ந்திருக்க, ஸ்டியரிங்கில் வலிப்பு வந்தால்? தண்டனையை மட்டும் எழுதிய விதி இந்த ஆளை இப்படித்தான் தள்ளிவிடும். நடுக்கத்தை நிறுத்த டாக்டர் தரும் மாத்திரைகளும் மயக்கம் தருபவை, அவற்றைச் சாப்பிடும் நாட்களிலும் அவர் ஓட்டக் கூடாது.

ஆகவே உதவி என்ற பகுதியை "ஆலோசனை வழங்கப்படும்" என்று முடிக்க முடியாது. நாங்கள் எழுதியது இது: "ஊதச் சொல்வதற்கு முன் ஒருவர் தானாக வந்து, எனக்குக் குடியை விட முடியவில்லை என்று சொன்னால், அது விதிமீறல் ஆகாது. அன்றே வண்டியிலிருந்து இறக்கப்படுவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மில் வண்டியில் அனுப்பப்படுவார். சிகிச்சை முடியும்வரை அவருடைய டிரைவர் வேலைக்கு வேறு ஆள் நிரந்தரமாக எடுக்கப்படமாட்டார்." 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணையும் சுவரில் எழுதச் சொன்னேன். "ஊதச் சொல்வதற்கு முன்" என்ற சொற்கள் அந்த இடத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் மாட்டிக்கொண்ட பிறகு எல்லாருக்கும் சிகிச்சை நினைவு வரும்.

திரும்பி வருவதற்கும் படி எழுதினோம். டாக்டர் சான்று, வரும் நாளில் ஒரு ஊதல், அதன்பின் ஒரு வருஷத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் குறைந்தது ஆறு முறை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் இருக்கும் எண் இது, இங்கேயும் பொருந்தும். ஊத மறுத்தால் 20ஐத் தாண்டியதற்குச் சமம். இரண்டாம் முறை மீறினால் விசாரணை வைத்து, அவர் பக்கத்தைக் கேட்டு, டிரைவர் வேலையிலிருந்து நீக்கம். எண்ணைப் பார்த்த பிறகும் வண்டியை விட்ட சூப்பர்வைசருக்கும் அதே தண்டனை. இதைப் படித்ததும் சூப்பர்வைசர் மெஷினை எடுத்துத் தானே ஒருமுறை ஊதி நோட்டில் முதல் வரியாக எழுதினார். நாளையிலிருந்து அப்படியே செய்யட்டும் என்றார் மேனேஜர்.

கஞ்சாவும் வலி மாத்திரையும் இந்த மெஷினில் தெரியாது. சிறுநீரில் கஞ்சா பல நாள் கழித்தும் தெரியும், அதனால் இன்றைக்கு மயக்கத்தில் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வகமும் மருத்துவரும் வேண்டும் என்பதால் தனிப் பகுதியாக எழுதுவதென்று ஒத்திவைத்தோம். சளி மாத்திரைக்கு மட்டும் ஒரு வரி: தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டால் சொல்ல வேண்டும், என்ன நோய் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஐந்து மணிக்கு ஸ்பேர் டிரைவர் வந்து ஊதி, பூஜ்யம் பார்த்து, பஸ்ஸை எடுத்தார். இருபது நிமிஷம் தாமதம். முதல் ஸ்டாப்பில் நிற்கும் பெண்களுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள்.

பெஞ்சிலிருந்தவர் நாங்கள் எழுதிய தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். சிகிச்சைப் பகுதியில் விரல் நின்றது. "அஞ்சாறு வாரம் ஆஸ்பத்திரி, வீடுன்னு கெடந்தா, சம்பளம்ணே?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். பாதிச் சம்பளமா, கேட்டில் வேறு வேலையா, முதலாளியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் அவர். அது எழுதாதவரை ஒருத்தரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள் என்றேன். தாளில் அந்த இடத்தை ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டோம். மதியம் முதலாளி வரும்வரை நான் அங்கேயே இருந்தேன்.