மாப்பிள்ளைத் தோழன்

நான் புனே நகரில் ஆசிரியராகப் பணியேற்ற இரண்டாம் ஆண்டில், அங்கேயே வேலை பார்த்துவந்த என் பள்ளித் தோழனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அவன் கத்தோலிக்கக் கிறித்தவன். மணமகள், மங்களூரிலிருந்து வந்து புனேயில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். "நீதான் எனக்கு மாப்பிள்ளைத் தோழன்" என்று நண்பன் கூறிவிட்டான்.

காலையில் தேவாலயத்தில் மணமகன் அருகில் நிற்பதும், மோதிரங்களைப் பத்திரமாக வைத்திருந்து கொடுப்பதும், திருமணப் பதிவேட்டில் சாட்சியாகக் கையொப்பம் இடுவதும் எளிய வேலைகள். மாலை வரவேற்பில்தான் எனக்குச் சோதனை காத்திருந்தது. மணமகனின் சிறுவயது அசட்டுத்தனங்களைச் சொல்லி அவையைச் சிரிக்க வைக்க வேண்டும். முடிவில் மணமக்களை வாழ்த்திக் கோப்பையை உயர்த்த வேண்டும். மணமகள் வீட்டார் இதை ஆவலோடு எதிர்பார்த்தனர்.

நல்ல நாளில் நண்பனை இகழ்வதா என்று முதலில் தயங்கினேன். பிறகு, வகுப்பில் நான் நடத்தும் வஞ்சப்புகழ்ச்சி அணி நினைவுக்கு வந்தது. தொண்டைமானின் படைக்கருவிகள் புத்தம்புதியனவாக மின்னுகின்றன என்றும், அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் ஔவையார் கூறினார். கேட்பதற்கு அதியமானை இகழ்வது போலத் தோன்றும். ஆனால், ஓயாமல் போர் செய்தவன் அவன் என்னும் புகழே உள்ளே இருக்கிறது. என் பேச்சும் அப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு மூன்று கதைகளை எழுதினேன். அவையில் தமிழ் அறியாதவர்களே மிகுதி. சொல்லில் உள்ள நகைச்சுவை மொழி மாறினால் உதிர்ந்துவிடும். செயலில் உள்ளது உதிராது. ஆகவே, செயலால் சிரிப்பூட்டும் கதைகளையே தேர்ந்தெடுத்தேன்.

முதற்கதை, நான்காம் வகுப்பில் நடித்த கட்டபொம்மன் நாடகம். நான் கட்டபொம்மன், அவன் வாயிற்காவலன். "அரசே, தூதுவர் வந்திருக்கிறார்" என்பதே அவனுக்கு இருந்த ஒரே வசனம். ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவன், மேடைக்கு வந்ததும் மீசை வைத்திருந்த என்னைப் பார்த்துக் கைகட்டிக்கொண்டு, "டீச்சர், தூதுவர் வந்திருக்கிறார்" என்றான்.

இரண்டாம் கதை, சைக்கிள் காணாமற்போனது. மறுநாள் காலையில், "என் சைக்கிளைத் திருடிவிட்டார்கள்" என்று அவன் அழுதான். தெருவே திரண்டு தேடியது. முதல்நாள் மாலை கடைக்குச் சைக்கிளில் சென்றவன், சர்க்கரையை வாங்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பியிருந்தான். சைக்கிள் இரவெல்லாம் கடைவாசலிலேயே நின்றிருந்தது.

மூன்றாம் கதைதான் மிகுந்த சிரிப்பைத் தரும் என்று நம்பினேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் 35 மதிப்பெண் பெற்ற அவன், மூன்றை எட்டாக மாற்றி 85 ஆக்கினான், அகப்பட்டுக்கொண்டான். அவன் தந்தை உப்பளத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியர் முன் நின்றார். அந்நாளில் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

திருமணத்துக்கு முந்தைய இரவு, நண்பனின் அக்காவிடம் பேச்சைப் படித்துக் காட்டினேன். இரண்டு கதைகளுக்கும் வயிறு குலுங்கச் சிரித்தவர், மூன்றாவதைக் கேட்டதும் மௌனமானார். பிறகு, "நாளைக்கு அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் எனக்கு வேறுபாடு விளங்கியது. நாடகக் கதையையும் சைக்கிள் கதையையும் நண்பனே பலரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். மதிப்பெண் கதையை அவன் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிழை செய்தவன் அவன். தலைகுனிந்தவர் அவன் தந்தை. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

அந்த இடத்தில் வேறொன்றை எழுதினேன். பத்தாம் வகுப்பில் மஞ்சள்காமாலையால் நான் மூன்று வாரம் படுத்திருந்தபோது, நாள்தோறும் பாடங்களை எனக்காகப் படியெடுத்துக்கொண்டு வந்தவன் அவன். மாலையில் பேச்சை இப்படி முடித்தேன்: "மணமகளுக்கு ஒரு சொல். இவனோடு நீங்கள் கடைக்குச் சென்றால், சைக்கிள் வீடு திரும்பாமல் போகலாம். ஆனால் உங்களை விட்டுவிட்டு இவன் வரமாட்டான். இவன் பொருள்களை மறப்பான், மனிதர்களை மறக்கமாட்டான்." அவை சிரித்தது, நண்பனின் கண்கள் கலங்கின. எல்லாரும் கோப்பையை உயர்த்தினோம்.

விருந்து முடிந்து விடைபெறும்போது நண்பனின் தந்தை என் கையைப் பற்றிக்கொண்டார். உப்பில் உழைத்துக் காய்த்துப்போன கை அது.

"அந்த மார்க்கு விஷயத்த எங்க சொல்லிப்புடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்ல" என்றார்.

என் சட்டைப்பையில் கிழித்த தாள் இன்னும் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டேன்.